பூனை கக்கும் முடி உருண்டை: எதுவரை இயல்பு, எப்போது குடல் அடைப்பு?

தரையில் கிடப்பது ஒரு விரல் நீளம் இருக்கும். ஈரமாக, பழுப்பு நிறத்தில், சுருட்டு போல உருண்டு நீண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பூனை வீட்டுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். குச்சியால் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க முடி. இதைத்தான் பூனை வளர்ப்பவர்கள் ஹேர்பால் என்கிறார்கள்.

பூனை வாந்தி எடுத்தால் நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். 'அது ஹேர்பால்தான், தானாகச் சரியாகிவிடும்' என்பார் ஒருவர். 'முடி குடலை அடைத்துவிடும், உடனே ஆபரேஷன்' என்பார் இன்னொருவர். இரண்டுமே சில பூனைகளுக்குப் பொருந்தும். உங்கள் பூனைக்கு எது என்று பிரித்தறிய முடி எப்படி உள்ளே போகிறது, ஏன் தங்குகிறது, அடைப்பு ஏற்பட்டால் குடலுக்குள் என்ன நடக்கிறது என்பவை தெரிய வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாந்தியில் முடி இருக்கிறது என்பதாலேயே அந்த வாந்திக்கு முடிதான் காரணம் என்று ஆகிவிடாது. பல பூனைகள் மருத்துவரிடம் தாமதமாக வந்து சேர்வதற்கு இந்த ஒரு தவறான முடிவே காரணமாக இருக்கிறது.

## நாக்கில் இருக்கும் சீப்பு

பூனை கையை நக்கும்போது உப்புத்தாள் உரசுவது போல இருக்கும். நாக்கின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு முட்கள் இருப்பதே காரணம். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை அவை. எல்லா முட்களும் தொண்டையை நோக்கி வளைந்திருக்கும். 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இந்த முட்களின் நுனியில் கரண்டி போன்ற ஒரு குழி இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் குழி எச்சிலை இழுத்துப் பிடித்து, முடியின் அடிவரை கொண்டுபோய் விடுகிறது. பூனை தன்னைச் சீவிக்கொள்கிறது, குளிப்பாட்டிக்கொள்கிறது, வெயில் நாளில் உடம்பைக் குளிர்வித்தும் கொள்கிறது. எல்லாமே அந்த ஒரே நாக்கால்தான்.

முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் அவற்றில் சிக்கிய முடியைப் பூனையால் எளிதில் துப்ப முடியாது. விழுங்கத்தான் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்கு வரை நக்குவதில் செலவழிக்கும் ஒரு விலங்குக்குள் தினமும் எவ்வளவு முடி போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடியும் கெரட்டின்தான். அதன் புரத இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை இரைப்பை அமிலமோ செரிமான நொதிகளோ உடைப்பதில்லை. ஆகவே உள்ளே போன முடி கரையாது. அது வெளியேற மலம், வாந்தி என இரண்டே வழிகள்தான் உண்டு. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மணல் தட்டைச் சுத்தம் செய்யும்போது மலத்தை உடைத்துப் பார்த்தால் முடி தெரியும். அது நல்ல செய்தி, முடி போகவேண்டிய வழியில் போகிறது என்று பொருள்.

## கொஞ்சம் முடி ஏன் இரைப்பையில் தங்குகிறது?

உணவு அரைபட்டுக் கூழானதும் இரைப்பையின் கீழ்வாசல் வழியாகச் சிறுகுடலுக்குள் போகும். அந்த வாசல் பொடிந்த துகளைத்தான் எளிதில் விடும். பொடியாத பொருள் பின்தங்கிவிடும்.

மனிதருக்கும் நாய்க்கும் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. வயிறு காலியாக இருக்கும்போது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பலமான ஒரு சுருக்க அலை எழுந்து, மிச்சம் மீதியைத் துடைப்பத்தால் தள்ளுவது போலக் குடலுக்குள் தள்ளிவிடும். பூனையின் இரைப்பையில் அந்தப் பலமான அலை கிடையாது. அதற்கு இருப்பது வலுவில் குறைந்த வேறொரு வகைச் சுருக்கம். ஒற்றை முடிகள் உணவோடு கலந்து நழுவிப் போய்விடும். நாலைந்து முடிகள் பின்னிக்கொண்டு, அவற்றின் மேல் சளி படிந்துவிட்டால் அந்தச் சிறு பின்னல் தங்கிவிடும். அடுத்து வரும் முடி அதில் சிக்கும். சிலந்திவலையில் தூசி சேர்வது போல அது மெல்லப் பெரிதாகும். ஒரு கட்டத்தில் இரைப்பையை உறுத்த, பூனை அதைக் கக்கிவிடும்.

உருண்டை என்று பெயர் இருந்தாலும் வெளியே வருவது நீளமாக இருப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. இரைப்பைக்குள் அது ஏறக்குறைய உருண்டையாகத்தான் இருக்கும். குறுகிய உணவுக்குழாய் வழியாக மேலே வரும்போது பிழியப்பட்டு நீண்டுவிடுகிறது.

## எது இயல்பு?

சரி, எத்தனை முறை வந்தால் இயல்பு? முடியின் நீளத்தையும் பூனையின் வயதையும் பொறுத்து இது மாறும். நம் தெருக்களிலும் வீடுகளிலும் பிறந்து வளரும் குட்டை முடி நாட்டுப் பூனைகளில் பல, வருடம் முழுவதும் ஒன்றுகூடக் கக்காமலே இருக்கும். பாரசீகப் பூனை போன்ற நீள முடிக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முடி அதிகம் உதிரும் நாட்களில் மாதத்துக்கு ஒன்று வந்தாலும் பதற வேண்டியதில்லை. குட்டிகளிடம் இதைப் பார்ப்பது அரிது. நக்கிச் சுத்தம் செய்வதில் தேர்ந்த, வளர்ந்த பூனைகளிடம்தான் பார்க்கலாம்.

எண்ணிக்கையை விட, கக்குவதற்கு முன்னும் பின்னும் பூனை எப்படி இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இயல்பான ஹேர்பால் வரும் விதம் ஏறக்குறைய மாறாதது:

1. பூனை உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், கொஞ்சம் அமைதியிழந்து நடக்கும்.
2. உட்கார்ந்து வயிற்றை எக்கி எக்கி இழுக்கும். பக்கவாட்டில் வயிறு உள்வாங்குவது கண்ணுக்குத் தெரியும்.
3. சில நிமிடங்களுக்குள் முடி வெளியே வரும். கூடவே கொஞ்சம் நுரை, தண்ணீர் அல்லது மஞ்சள் திரவம் இருக்கலாம்.
4. அதோடு கதை முடிந்தது. அரை மணி நேரத்தில் பூனை சாப்பாட்டுத் தட்டைத் தேடும்.

இந்த நான்காவது படிதான் முக்கியம். ஹேர்பாலைக் கக்கிய பூனை பழைய பூனையாகத் திரும்ப வேண்டும். முடி வந்த பிறகும் வாந்தி தொடர்ந்தாலோ, பூனை ஒடுங்கிப் படுத்தாலோ, அது வெறும் ஹேர்பால் என்று விட்டுவிடக் கூடாது.

## அது வாந்திதானா?

'ஹேர்பால் வர மாட்டேன் என்கிறது, ரெண்டு மாசமா முயற்சி பண்ணுது' என்று சொல்லிக்கொண்டு வரும் பூனைகளில் சிலவற்றுக்கு வயிற்றில் பிரச்சினையே இருக்காது. பிரச்சினை நுரையீரலில். பூனையின் இருமலும் வாந்தி முயற்சியும் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும்.

இருமும் பூனை தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, உடம்பு குலுங்க 'கஃக் கஃக்' என்று வறட்டு ஓசை எழுப்பும். கடைசியில் எதுவும் வராது. வந்தாலும் கொஞ்சம் நுரை வரும், அதை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். வாரத்துக்கு ஓரிரு முறை இப்படி நடந்து முடி ஒருமுறைகூட வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். பூனைகளுக்கு ஆஸ்துமா உண்டு, அதற்கு மருந்தும் உண்டு. ஹேர்பால் களிம்பு கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த நோய் கவனிப்பில்லாமல் முற்றும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வயிற்றை எக்காமலே, குனிந்ததும் சாப்பாடு செரிக்காமல் அப்படியே குழாய் வடிவில் விழுவது. இதை வாந்தி என்று சொல்வதில்லை, எதுக்களிப்பு என்பார்கள். கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம், அல்லது பூனை அவசரமாக விழுங்கியிருக்கலாம்.

கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். வாயால் விவரிப்பதை விட 20 விநாடி வீடியோவில் மருத்துவருக்கு அதிகம் புரியும்.

## அடிக்கடி வந்தால் இரண்டு கேள்விகள்

குட்டை முடிப் பூனை மாதம் இரண்டு மூன்று முறை முடியைக் கக்குகிறது என்றால், அல்லது இதுவரை கக்காத 10 வயதுப் பூனை திடீரென்று ஆரம்பிக்கிறது என்றால், இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, முடி வழக்கத்தை விட அதிகமாக உள்ளே போகிறதா? தெள்ளுப்பூச்சி கடித்தால், தோலில் ஒவ்வாமை இருந்தால், பூனை ஓயாமல் நக்கும். தெள்ளு கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம், நக்கும் பூனை அவற்றைத் தின்றுவிடும். வெள்ளைத் துணியில் பூனையை நிறுத்திச் சீவினால் விழும் கருப்புத் தூளை ஈரப் பஞ்சில் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். அடிவயிற்றில் மட்டும் முடி மழித்தது போல இருந்தால் சிறுநீர்ப்பை வலியோ மன அழுத்தமோ பின்னால் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி, போகிற முடி நகராமல் தங்குகிறதா? இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. குடல் நாள்பட்ட அழற்சியில் இருந்தால் அதன் இயக்கம் மந்தமாகும். நல்ல குடல் தள்ளிவிட்டிருக்கும் அதே அளவு முடி, மந்தமான குடலில் தேங்கி உருண்டையாகிறது. அப்போது ஹேர்பால் ஒரு நோயின் அடையாளம் மட்டுமே.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2013-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். நாள்பட்ட வாந்தி, பேதி, எடைக் குறைவு போன்ற தொல்லைகளோடு வந்து, ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்துத் தெரிந்த 100 பூனைகளின் குடல் திசுவை எடுத்துப் பரிசோதித்தார்கள். 99 பூனைகளுக்குச் சிறுகுடலில் நோய் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு நாள்பட்ட குடல் அழற்சி அல்லது லிம்போமா என்ற புற்றுநோய். இவை ஏற்கெனவே தடித்த குடல் என்று தெரிந்து தேர்ந்தெடுத்த பூனைகள், ஆகவே வாந்தி எடுக்கும் எல்லாப் பூனைக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் 'பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதும். எடையும் குறைகிறது என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். வயதான பூனைக்குத் தைராய்டு மிகைச் சுரப்பும் சிறுநீரக நோயும்கூட வாந்தியாகத்தான் வெளிப்படும். ரத்தப் பரிசோதனையில் இரண்டுமே தெரியும்.

## அடைப்பு என்றால் உள்ளே நடப்பது என்ன?

முடி உருண்டை இரைப்பையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதில் ஒன்று கீழ்வாசலைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போய் இறுகினால்தான் அடைப்பு. முடியால் மட்டும் இப்படி ஆவது அரிது, ஆனால் நடக்கும். முடியை விட அதிகமாகக் குடலை அடைப்பவை தலைமுடி கட்டும் ரப்பர் பேண்ட், பொம்மைத் துண்டு, நூல், நாடா போன்ற வெளிப் பொருட்கள்.

அடைபட்ட இடத்துக்கு மேலே குடல் சும்மா இருக்காது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் வழக்கம்போலச் சுரந்துகொண்டே இருக்கும். கீழே போக வழியில்லாமல் அந்த நீரும் வாயுவும் தேங்கிக் குடல் உப்பும். உப்பிய குடல் வாந்தியைத் தூண்டும். வாந்தியோடு தண்ணீரும் உப்புச்சத்தும், முக்கியமாகக் குளோரைடும் பொட்டாசியமும் உடம்பை விட்டுப் போகும். பூனை துவண்டுவிடுவது இதனால்தான்.

அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. உப்பிய குடலின் சுவர் இழுபட, அதிலுள்ள நுண் ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாத இடம் கருத்து அழுகும். பிறகு ஓட்டை விழும். குடலில் உள்ள கிருமிகள் வயிற்றறைக்குள் கொட்டினால் பிழைப்பது கடினம். பொதுவாக இவ்வளவும் சில நாட்களுக்குள் நடந்துவிடும்.

அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். இரைப்பைக்கு அருகில் என்றால் வாந்தி அடிக்கடியும் வேகமாகவும் வரும், தண்ணீர்கூடத் தங்காது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் என்றால் முதல் நாள் வெறும் சோர்வும் பசியின்மையும்தான் தெரியும், வாந்தி நாளுக்கு ஒன்றிரண்டோடு நிற்கலாம். பலர் ஏமாறுவது இந்த இரண்டாவது வகையில். இன்னொன்று, அடைப்பு இருந்தும் பூனை மலம் கழிக்கலாம். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் அது. 'காலையில் போனதே' என்று நிம்மதி அடைய வேண்டாம்.

## பூச்சர நூல்: ஒரு எடுத்துக்காட்டு

நூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அடைக்கும் விதமே வேறு, பூனைகளிடம் அடிக்கடி பார்ப்பதும் அதுதான். நம் வீடுகளில் பூச்சர நூல், தையல் நூல், பரிசுப்பெட்டி நாடா, இறைச்சி கட்டிவந்த சணல் எல்லாம் பூனைக்கு எட்டும் உயரத்திலேயே கிடக்கும். நாக்கின் முட்கள் முடியை உள்ளே தள்ளுவது போலவே நூலையும் தள்ளும். பாதி விழுங்கிய நூலைப் பூனையால் துப்ப முடியாது.

பல சம்பவங்களில் பொதுவாக நடப்பதைச் சேர்த்து ஒரு கற்பனைப் பூனையை வைத்துப் பார்ப்போம். 3 வயதுப் பாரசீகப் பெண் பூனை, எடை 3.5 கிலோ. மாதம் ஒருமுறை முடி கக்குவது அதற்கு வழக்கம்.

வெள்ளிக்கிழமை இரவு சாமி படத்திலிருந்து எடுத்துப்போட்ட வாடிய மல்லிகைச் சரத்தோடு அது விளையாடுகிறது. சனிக்கிழமை காலை சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறது. அதில் நாலைந்து முடி இழைகள். வீட்டார் ஹேர்பால் என்று எண்ணி, கடையில் வாங்கிய களிம்பை வாயில் தடவுகிறார்கள். மதியம் தண்ணீர் குடித்த சில நிமிடங்களில் அதுவும் வெளியே வருகிறது. இரவு மஞ்சள் நுரை. ஞாயிறு காலை பூனை கட்டிலுக்கு அடியில். மீன் வைத்தாலும் வரவில்லை. வயிற்றைத் தொட்டால் உறுமுகிறது.

எங்கே தவறியது? சனிக்கிழமை மதியமே கிளம்பியிருக்க வேண்டும். இந்தப் பூனையின் வழக்கமான ஹேர்பால் ஒரே தடவையில் முடிந்துவிடும், உடனே பசிக்கும். இந்த முறை உருண்டையே வரவில்லை, நாலைந்து இழைதான் வந்தது. தினமும் நக்கும் பூனையின் எந்த வாந்தியிலும் அந்த அளவு முடி இருக்கும். தண்ணீர் தங்கவில்லை என்பது இரண்டாவது அறிகுறி.

மருத்துவர் முதலில் பார்ப்பது வாய். தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் மேலே அழுத்தினால் நாக்கு உயர்ந்து அதன் அடி தெரியும். அங்கே ஒரு மெல்லிய கோடு, நூல் நாக்கின் அடியில் வளைந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முனை அங்கே, மறு முனை குடலுக்குள். குடல் உணவைத் தள்ளும் அதே அசைவால் நூலையும் கீழே இழுக்கப் பார்க்கும். மேல்முனை மாட்டியிருப்பதால் நூல் நகராது. பதிலுக்குக் குடல் நூலின் மேல் ஏறிச் சுருங்கும், பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சேர்வது போல. ஒவ்வொரு அசைவிலும் இழுபட்ட நூல் குடலின் உள்வளைவை ரம்பம் போல அறுக்கும்.

இதனால்தான் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. நீங்கள் இழுக்கும் ஒரு இழுப்பு, கொசுவம் விழுந்த குடலைப் பல இடங்களில் அறுத்துவிடலாம். வெளியே தொங்குவதை அப்படியே விட்டுவிட்டு, பூனை அதை மேலும் விழுங்கவோ கடிக்கவோ விடாமல் பார்த்துக்கொண்டு, மருத்துவரிடம் போக வேண்டும்.

எக்ஸ்ரேயில் நூலும் தெரியாது, முடியும் தெரியாது. தெரிவது அவற்றின் விளைவு. குடல் ஒரு பக்கமாகக் கொத்தாகச் சேர்ந்திருப்பதும், நடுநடுவே காற்புள்ளி வடிவில் வாயுக் குமிழிகளும் நூலைக் காட்டிக்கொடுக்கும். உருண்டையான பொருள் அடைத்திருந்தால் அதற்கு மேலே குடல் உப்பியிருக்கும். பூனையின் சிறுகுடல் எக்ஸ்ரேயில் 12 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் மருத்துவர் அடைப்பைச் சந்தேகிப்பார். உறுதி செய்ய அல்ட்ராசவுண்ட் உதவும். முடிக் கட்டி அதில் அடர்ந்த நிழல் விழும் பொருளாகத் தெரியும்.

நம் பூனைக்கு முதலில் நரம்பு வழியே திரவம் ஏற்றுகிறார்கள். நீர்ச்சத்து வற்றிய உடம்பில் மயக்க மருந்து ஆபத்து என்பதால் இந்தச் சில மணி நேரத்தைத் தவிர்க்க முடியாது. பிறகு அறுவை சிகிச்சை. நாக்கடியில் நூலை வெட்டி விடுவித்து, குடலில் இரண்டு மூன்று இடங்களில் சிறு வெட்டுப் போட்டு, நூலைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒரே வெட்டில் முழுவதையும் உருவினால் அறுபடும். குடல் இளஞ்சிவப்பாக உயிரோடு இருந்தால் தையலோடு முடியும். கருத்துப்போன பகுதி இருந்தால் அதை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்க வேண்டும், அப்போது சிக்கலும் செலவும் கூடும். சனிக்கிழமை மதியம் வந்திருந்தால் கருத்த பகுதி இருக்கும் வாய்ப்பு குறைவு.

## எப்போது கிளம்ப வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

1. சில மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் வாந்தி, அல்லது குடித்த தண்ணீரும் தங்காத நிலை.
2. மீண்டும் மீண்டும் எக்குகிறது, எதுவும் வரவில்லை, சோர்ந்தும் இருக்கிறது.
3. வாந்தியோடு 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை. குட்டி என்றால் அரை நாளே அதிகம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.
4. வயிறு உப்பியிருக்கிறது அல்லது தொட்டால் வலிக்கிறது.
5. நூல், ஊசி, ரப்பர் பேண்ட் எதையாவது விழுங்கியதைப் பார்த்தீர்கள், அல்லது அது காணாமல் போயிருக்கிறது. வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
6. வாந்தியில் ரத்தம், அல்லது காபித்தூள் போன்ற கருந்துகள்.

இவற்றோடு சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, வாந்தியும் எடுக்கிறது என்றால் மலச்சிக்கல் என்றோ ஹேர்பால் என்றோ நினைத்துவிடாதீர்கள். தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நள்ளிரவானாலும் உடனே கொண்டுபோக வேண்டிய நிலை இது.

எக்ஸ்ரே வசதி எங்கே இருக்கிறது என்பதைப் பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனைகள் உண்டு. ஊர்ப்புறக் கால்நடை மருந்தகத்தில் எக்ஸ்ரே எதிர்பார்க்க முடியாது. பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.

## வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும்

இயல்பான ஹேர்பாலைக் குறைக்க நிச்சயமாக உதவுவது சீப்புதான். நீள முடிப் பூனையைத் தினமும், குட்டை முடியை வாரம் ஓரிரு முறை சீவுங்கள். சீப்பில் வந்த முடி வயிற்றுக்குள் போகாது. சீவி முடித்ததும் ஈரக் கையால் ஒருமுறை தடவினால் உதிர்ந்து நிற்கும் மீதி முடியும் வந்துவிடும்.

நார்ச்சத்து அதிகமுள்ள ஹேர்பால் உணவுகள் சில பூனைகளுக்கு உதவுகின்றன, சிலவற்றுக்கு வித்தியாசமே தெரிவதில்லை. கடையில் கிடைக்கும் ஹேர்பால் களிம்புகளில் பல பெட்ரோலியம் ஜெல்லியை அடிப்படையாகக் கொண்டவை. அது செரிக்காமல் முடியை வழுக்கி நகர்த்த உதவுகிறது. நலமாக இருக்கும் பூனைக்கு, பொட்டலத்தில் சொன்ன அளவில் கொடுக்கலாம். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பூனைக்கு வேண்டாம்.

வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். அவை செரிக்கக்கூடிய கொழுப்பு. சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், முடியோடு கடைசிவரை போகாது. பேதி வரலாம், அவ்வளவுதான். திரவ பாரஃபினை வாயில் ஊற்றுவது இதைவிட மோசம். அதற்குச் சுவையில்லை, தொண்டையில் உறுத்தாது. ஆகவே பூனை இருமாமலே அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம்.

மனிதருக்கான வாந்தி மாத்திரையும் வேண்டாம். அவற்றில் சில குடல் அசைவை வேகப்படுத்தும். அடைபட்ட குடலை வேகமாக அசைத்தால் கிழியும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மருத்துவரிடம் போகும்போது வாந்தியின் படம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக மலமும் சிறுநீரும் போன நேரம், கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். வீட்டில் கடித்துப்போட்ட நூலோ நாடாவோ கிடந்தால் மிச்சத்தையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு நீளம் குறைகிறது என்று தெரிந்தால், உள்ளே எவ்வளவைத் தேட வேண்டும் என்பது அறுவை சிகிச்சை செய்பவருக்குத் தெரிந்துவிடும்.